கற்காத மாடலுக்கு நாடி பார்ப்பது

திரையில் 11.35 என்று வந்தது. இன்னொரு சுற்றுப் பயிற்சி கொடுத்தேன். மறுபடியும் 11.35. இருபது சுற்று ஓடி முடிந்த பிறகும் அதே எண், ஒரு தசமம்கூட நகராமல் அங்கேயே நின்றது.

கையால் எழுதிய இலக்கங்களைப் படிக்க ஒரு நிரலுக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். படத்தைக் காட்டினால் அது 0 முதல் 9 வரை எந்த இலக்கம் என்று சொல்ல வேண்டும். இப்படி உதாரணங்களைப் பார்த்துப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும் நிரலைத்தான் மாடல் என்கிறார்கள். திரையில் நின்ற எண், நூறு படங்களில் எத்தனையைச் சரியாகச் சொன்னது என்பதன் கணக்கு. இருப்பவை பத்தே இலக்கங்கள். கண்ணை மூடிக்கொண்டு எதையாவது சொன்னாலே நூற்றுக்குப் பத்து சரியாகிவிடும். ஆக, பல நிமிடம் உழைத்த கணினி குருட்டாம்போக்கில் சொல்பவரைவிட ஏறக்குறைய ஒன்றும் கூடுதலாகக் கற்கவில்லை.

இந்த நிலையில் பலரும் செய்வது, நிரலில் கண்ணில் பட்டதையெல்லாம் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்ப்பது. நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன். தோற்ற மாடல் ஊமையாக நிற்பதில்லை, எந்த எண்ணில் தோற்றது என்பதிலேயே தன் நோயையும் சொல்லிவிடுகிறது என்று பிறகுதான் புரிந்தது. அதைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

நான் பயன்படுத்திய படத்தொகுப்பின் பெயர் எம்நிஸ்ட். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை ஊழியர்களும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களும் எழுதிய இலக்கங்களிலிருந்து 1990களில் தொகுக்கப்பட்டது. பயிற்சிக்கு 60,000 படங்கள், தேர்வுக்கு 10,000. ஒவ்வொரு படமும் 28 வரிசை, வரிசைக்கு 28 புள்ளி. மொத்தம் 784 புள்ளிகள்தான், கைப்பேசியில் ஒரு சிறு சின்னம் பிடிக்கும் இடம். இந்தத் துறைக்குள் வரும் எவரும் முதலில் கையில் எடுப்பது இதைத்தான்.

முதல் கேள்வி: 11.35 என்பது பத்திலிருந்து தற்செயலாகக் கொஞ்சம் விலகிய எண்ணா? கணக்குப் போட்டுவிடலாம். 10,000 படங்களுக்குக் குருட்டாம்போக்கில் பதில் சொன்னால் சராசரியாக 1,000 சரியாகும். ஒவ்வொரு முறையும் அச்சாக 1,000 வராது, முன்னே பின்னே ஆடும். அந்த ஆட்டத்தின் வழக்கமான அளவைத் திட்ட விலக்கம் என்பார்கள், இங்கே அது 30. ஆகவே 970, 1,025, 1,040 எல்லாம் இயல்பு. 1,060ஐத் தாண்டினாலே புருவம் உயர வேண்டும். 1,135 அந்த அளவைப்போல் நான்கரை மடங்கு தள்ளி நிற்கிறது. அது அதிர்ஷ்டத்தால் வரக்கூடிய எண் அல்ல. அதிலும் இருபது முறை அதே எண்ணாக வர வாய்ப்பே இல்லை.

பிறகு எங்கிருந்து வந்தது? தேர்வுப் படங்களை இலக்கவாரியாக எண்ணினால் விடை கிடைத்துவிடும். 10,000 படங்களில் ‘1’ என்று எழுதியவை சரியாக 1,135. என் மாடல் எந்தப் படத்தைக் காட்டினாலும் ‘1’ என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தது! கேள்வித்தாளைப் பிரிக்காமலே எல்லாக் கேள்விக்கும் ‘ஆ’ என்று வட்டமிட்டுவிட்டு வரும் மாணவரைப்போல. ஆனால் ஏன் ‘1’? ஏன் ‘5’ இல்லை? பயிற்சித் தொகுப்பிலும் ‘1’ தான் அதிகம், 60,000க்கு 6,742. ‘5’ தான் குறைவு, 5,421. கண்ணைக் கட்டிவிட்டு ஒரே பதில் சொல்லச் சொன்னால் சொல்லவேண்டிய மிகச் சிறந்த பதில் ‘1’. அதை மாடல் கண்டுபிடித்துவிட்டது. அப்படியென்றால் அது எதையுமே கற்கவில்லை என்று சொல்லக்கூடாது. விடைகளைப் பார்த்துக் கற்றிருக்கிறது. படங்களைத்தான் பார்க்கவில்லை.

இதை உறுதிசெய்ய இன்னொரு எண் உண்டு, அது இன்னும் நுட்பமானது. மாடல் வெறுமனே ‘இது 7’ என்று சொல்வதில்லை. பத்து இலக்கங்களுக்கும் தன் நம்பிக்கையைப் பங்கிட்டுக் கொடுக்கிறது. சரியான விடைக்கு அது ஒதுக்கிய பங்கின் இயற்கை மடக்கையை எடுத்து, குறி மாற்றினால் வருவதை இழப்பு என்கிறார்கள். அது எத்தனை தப்பு என்பதைவிட எத்தனை வியப்பு என்பதன் அளவு. சரியான விடைக்கு முழு நம்பிக்கையும் வைத்திருந்தால் வியப்பே இல்லை, இழப்பு 0. பாதி நம்பிக்கை வைத்திருந்தால் 0.69. பத்தில் ஒரு பங்கு வைத்திருந்தால் 2.303.

இந்த 2.303ஐ மனப்பாடம் செய்துகொள்வது நல்லது. எதுவும் தெரியாமல் பத்து இலக்கங்களுக்கும் சமமாகப் பங்கிடும் மாடலின் இழப்பு அதுதான். வகைகளின் எண்ணிக்கை மாறினால் எண்ணும் மாறும். பூவா தலையா என்றால் 0.693. தமிழின் 247 எழுத்துகளையும் பிரித்தறியும் மாடல் என்றால் 5.51. பயிற்சி தொடங்கும் முன்பே இந்த எண்ணைச் சரிபார்க்கலாம். பத்து இலக்க மாடல் முதல் அடியிலேயே 20 காட்டினால், அது ஒன்றும் தெரியாத நிலையில் தொடங்கவில்லை, தப்பான விடையில் அசையாத நம்பிக்கையோடு தொடங்கியிருக்கிறது என்று பொருள். ஆரம்ப எண்களைப் பெரிதாக வைத்துவிட்டோம்.

என் மாடல் 2.3026இல் தொடங்கியது. இருபது சுற்றுக்குப் பிறகு 2.301. அதாவது ஆயிரத்தில் ஒன்றரை அளவு இறங்கியிருந்தது. அற்பமான வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் எம்நிஸ்ட் பயிற்சிப் படங்களில் எந்த இலக்கம் எத்தனை முறை வருகிறது என்ற விகிதத்தை மட்டும் தெரிந்துகொண்டு, படத்தைப் பார்க்காமல் நம்பிக்கையைப் பங்கிட்டால் இழப்பு எவ்வளவு வரும் என்று கணக்கிட்டால், விடை 2.3012. மாடல் போய் நின்றது அச்சாக அந்த இடத்தில்தான். தசமத்துக்குப் பின் மூன்றாவது இலக்கம் சொல்லிவிட்டது: விகிதம் வரை வந்துவிட்டது, படம் மட்டும் உள்ளே எட்டவில்லை.

இனி, எங்கே தடை? என் மாடல் ஒரு சிறிய நரம்பு வலை, அதாவது அடுக்கடுக்காக இணைக்கப்பட்ட எளிய கணக்குப் பெட்டிகள். 784 புள்ளிகள் உள்ளே வரும். நடுவில் 128 பெட்டிகள். கடைசியில் இலக்கத்துக்கு ஒன்றாகப் பத்துப் பெட்டிகள். ஒவ்வொரு இணைப்புக்கும் எடை என்று ஓர் எண் உண்டு, உள்ளே வருவதை அந்த எண்ணால் பெருக்கி அடுத்த அடுக்குக்கு அனுப்பும். அதோடு ஒவ்வொரு பெட்டிக்கும் சார்பு என்று தனியாக ஒரு கூட்டல் எண். எல்லாம் சேர்த்து 1,01,770 எண்கள். கற்பது என்றால் இந்த எண்களைச் சிறிது சிறிதாகத் திருத்துவதுதான், வேறொன்றும் இல்லை.

திருத்தும் முறையில்தான் அழகு இருக்கிறது. விடை தப்பானால், அந்தத் தப்பில் எந்த எண்ணுக்கு எவ்வளவு பொறுப்பு என்று பழியைப் பின்னோக்கிப் பங்கிடுவார்கள். கடைசி அடுக்கிலிருந்து நடு அடுக்குக்குப் போகும் பழி, இடையில் உள்ள எடையால் பெருக்கப்பட்டே போகும். ஓர் எடையைத் திருத்த வேண்டுமானால் அதன் வழியே வந்த செய்தியால் பழியைப் பெருக்க வேண்டும். இரண்டும் பெருக்கல் என்பதைக் கவனியுங்கள். இப்போது நான் எழுதியிருந்த இரண்டு வரிகள்:

```
W1 = np.zeros((784, 128))
W2 = np.zeros((128, 10))
```

எல்லா எடைகளையும் சுழியத்தில் தொடங்கிவிட்டேன். சுத்தமான பலகையில் தொடங்குவதுதானே முறை என்று தோன்றியது. விளைவைப் பாருங்கள். படம் உள்ளே வருகிறது, 784 புள்ளிகளும் சுழியத்தால் பெருக்கப்படுகின்றன, நடுப்பெட்டிகள் 128இலும் சுழியம். கடைசி எடைகளைத் திருத்தலாம் என்றால், அவற்றின் வழியே வந்த செய்தி சுழியம், திருத்தமும் சுழியம். முதல் அடுக்கைத் திருத்தலாம் என்றால், பழி சுழிய எடைகளைத் தாண்டி வர வேண்டும், அதுவும் சுழியம். இரண்டு அடுக்குகளும் ஒன்றையொன்று பூட்டிவிட்டன. யாராலும் பெருக்கப்படாமல் நேரே பழி வந்து சேரும் எண்கள் பத்தே பத்துதான், கடைசிப் பெட்டிகளின் சார்புகள். 1,01,770இல் அந்தப் பத்து மட்டும் உயிரோடு இருந்தன. பத்து எண்களைக் கொண்டு எதைக் கற்க முடியும்? பத்து இலக்கங்களின் விகிதத்தை. கற்றன. அதனால்தான் 2.301, அதனால்தான் 11.35.

சுழியத்துக்குப் பதில் எல்லாவற்றிலும் ஒரே எண்ணை, 0.05 என்று வைத்தாலும் தீராது. அப்போது 128 பெட்டிகளுக்கும் ஒரே செய்தி வரும், ஒரே பழி வரும், ஒரே திருத்தம் நடக்கும். 128 பேர் ஒரே ஆளாகவே நடந்துகொள்வார்கள். அவர்களைப் பிரித்துவிட வேண்டியது கண்டபடி சிதறிய ஆரம்ப எண்கள்தான். எவ்வளவு சிதற வேண்டும் என்பதற்கு 2015இல் கைமிங் ஹேயும் அவருடைய சக ஆய்வாளர்களும் ஓர் எளிய விதி தந்தார்கள்:

```
W1 = np.random.randn(784, 128) * np.sqrt(2 / 784)
W2 = np.random.randn(128, 10) * np.sqrt(2 / 128)
```

உள்ளே வரும் இணைப்புகள் அதிகமானால் ஒவ்வொன்றும் மெதுவாகப் பேச வேண்டும், இல்லாவிட்டால் கூட்டுத்தொகை காதைப் பிளக்கும். 784 இணைப்புகளுக்கு அந்த அளவு சுமார் 0.05.

திருத்திவிட்டு ஓட்டினேன். 10.9. அடுத்த சுற்றில் 11.2. பிறகு 10.6.

மனம் சோர்ந்தாலும், இந்த எண்கள் பழைய எண் அல்ல. முன்பு 11.35 கல்லாக நின்றது, இப்போது ஆடுகிறது. ஆடுகிறது என்றால் படத்துக்குப் படம் பதில் மாறுகிறது, படம் உள்ளே போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் பார்த்தும் பயன் இல்லை. இங்கேதான் இந்தத் தொழிலின் மிக நல்ல சோதனையைச் செய்ய வேண்டும்: 60,000 படங்களையும் ஒதுக்கிவைத்துவிட்டு, இருபதே இருபது படங்களை எடுத்து அவற்றையே திரும்பத் திரும்பக் காட்டுவது. ஒரு லட்சம் எண்களைக் கையில் வைத்திருக்கும் மாடல் இருபது விடைகளை உருப்போட்டாக வேண்டும். இழப்பு சுழியத்தை நெருங்க வேண்டும். நெருங்காவிட்டால் இயந்திரத்தில் கோளாறு. நெருங்கிவிட்டால் இயந்திரம் நலம், கோளாறு தரவில். அரை நிமிடத்தில் முடியும் சோதனை, தேட வேண்டிய இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடும்.

பழைய சுழிய மாடல் இதில் தோற்றிருக்கும். புதியது சில நூறு அடிகளில் இருபதையும் உருப்போட்டுவிட்டது. ஆக, தரவு. அந்த இருபது படங்களையும் அவற்றுக்கு நேரே உள்ள விடைகளையும் திரையில் விரித்தேன். முதல் படம் தெளிவான ‘4’, விடை என்று கொடுத்திருந்தது 9. அடுத்தது ‘0’, விடை 3. காரணம் இந்த வரிகள்:

```
np.random.shuffle(X)
np.random.shuffle(y)
```

சீட்டுக்கட்டைக் கலைப்பதுபோல் பயிற்சிப் படங்களின் வரிசையைக் கலைப்பது வழக்கம். நான் படங்களை ஒருமுறையும் விடைகளை இன்னொரு முறையும் தனித்தனியாகக் கலைத்துவிட்டேன். திருமண மண்டபத்து வாசலில் செருப்புகளை அள்ளிக் கலைத்துப்போட்டு, எதிர்ப்பட்ட இரண்டைச் சோடி சேர்த்ததுபோல் ஆகிவிட்டது. ஒரே கலைப்பு வரிசையை இரண்டுக்கும் கொடுத்திருக்க வேண்டும்:

```
p = np.random.permutation(len(X))
X, y = X[p], y[p]
```

இந்தக் கோளாறு எவ்வளவு நயவஞ்சகமானது என்று ஒரு புகழ்பெற்ற ஆய்வு காட்டியது. சியுவான் சாங்கும் சக ஆய்வாளர்களும் 2017இல் ஒரு மாநாட்டில் முன்வைத்தது. 50,000 வண்ணப் படங்களின் விடைகளை வேண்டுமென்றே தாறுமாறாக மாற்றிவிட்டு, பெரிய நரம்பு வலைகளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அவை பயிற்சிப் படங்கள் அத்தனையையும் பிழையின்றி உருப்போட்டுவிட்டன! நாய்க்குக் கப்பல் என்றும் தவளைக்கு லாரி என்றும் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டன. பார்க்காத படங்களில் மட்டும் குருட்டாம்போக்கு. ஆகவே பயிற்சியில் நூற்றுக்கு நூறும் தேர்வில் பத்தும் வந்தால், மாடல் கற்கிறது என்று மகிழ்ந்துவிடாமல் முதலில் படத்தையும் விடையையும் பக்கத்தில் வைத்துக் கண்ணால் பார்க்க வேண்டும். பார்க்க வேண்டிய இடமும் முக்கியம். வட்டில் உள்ள கோப்பு நன்றாகத்தான் இருக்கும். கலைத்து, வெட்டி, அளவு மாற்றி, மாடலின் வாயில் போடுவதற்கு முந்திய கணத்தில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

அந்த இரண்டு வரிகளை மாற்றியதும் முதல் சுற்றிலேயே 91. பத்தாவது சுற்றில் 97.

நான் கண்ட நோய்கள் இரண்டுதான். வேறு சில எண்களும் அடிக்கடி எதிர்ப்படும். அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது 9.80. தேர்வுத் தொகுப்பில் ‘0’ படங்கள் 980. அப்படியென்றால் மாடல் எல்லாவற்றுக்கும் ‘0’ என்கிறது. ‘0’ அப்படியொன்றும் அதிகமாக வரும் இலக்கம் இல்லை, பின் ஏன் அதைப் பிடித்துக்கொண்டது? பெரும்பாலும் அது பதிலே இல்லை. கணக்கு வெடித்திருக்கிறது. கற்றல் வேகம், அதாவது ஒவ்வொரு திருத்தத்தின் அடி நீளம், பெரிதாகிவிட்டால் எடைகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாவித் தாவி வீங்கும். நம்பிக்கையைப் பங்கிட, கடைசிப் பெட்டியின் எண்ணை e-இன் அடுக்காக ஏற்ற வேண்டும். 32 பிட் எண்களில் அது 88 வரை தாங்கும். 89 ஆனால் கணினி முடிவிலி என்று எழுதிவிடும். முடிவிலியை முடிவிலியால் வகுத்தால் `nan`, ‘எண் அல்லாதது’. அது தொட்டதெல்லாம் `nan` ஆகும். ஒரே திருத்தத்தில் மொத்த வலையும் அப்படியாகிவிடும். பத்துப் பெட்டியிலும் `nan` இருக்கும்போது பெரியது எது என்று கேட்டால், கணினி வரிசையில் முதலாவதைக் காட்டுகிறது. முதலாவது ‘0’. செத்துப்போன மாடலும் நூற்றுக்கு 9.80 மதிப்பெண் வாங்கிவிடுகிறது. இழப்பையும் சேர்த்து அச்சிட்டிருந்தால் முதல் நிமிடத்திலேயே தெரிந்திருக்கும். கற்றல் வேகத்தைப் பத்தில் ஒரு பங்காக்கி, 0 முதல் 255 வரை ஓடும் புள்ளி அளவுகளை 255ஆல் வகுத்துக் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகும்.

இழப்பு 2.303ஐவிட மேலே, 2.36 அருகே உறைந்து நின்றால் கதை வேறு. சில நிரல் தொகுப்புகளில் இழப்பைக் கணக்கிடும் கட்டளையே நம்பிக்கைப் பங்கீட்டையும் உள்ளே செய்துவிடும். அது தெரியாமல் நாமும் முன்பே ஒருமுறை பங்கிட்டுக் கொடுத்தால், பங்கீடு இரண்டு முறை நடக்கும். பங்கிட்ட எண்கள் 0க்கும் 1க்கும் இடையில் அடங்கியவை, ஆகவே இரண்டாவது முறை எல்லாம் மழுங்கிவிடும். முழு நம்பிக்கையோடு சரியாகச் சொன்னாலும் இழப்பு 1.46க்குக் கீழே இறங்காது. முழு நம்பிக்கையோடு தப்பாகச் சொன்னால் 2.46. எப்போதும் ஒரே பதிலைச் சொல்லிப் பத்தில் ஒன்று மட்டும் சரியாகும் மாடலுக்கு, இரண்டும் கலந்த சராசரி 2.36.

ஆக, எந்த வரிசையில் தேடுவது? செலவு குறைந்ததிலிருந்து. முதலில் மாடல் சொன்ன பதில்களை இலக்கவாரியாக எண்ணுங்கள். ஒரே பதிலா, ஆடும் பதில்களா என்பது அதிலேயே தெரியும். பிறகு இழப்பைத் தசமத்துக்குப் பின் நான்கு இலக்கம் வரை அச்சிட்டு, வகை எண்ணிக்கையின் மடக்கையோடு ஒப்பிடுங்கள். ஆரம்ப எண்ணிலிருந்து ஒரு துளிகூட நகரவில்லை என்றால் திருத்தும் கட்டளை ஓடவே இல்லை. ஓர் எடையைத் திருத்தத்துக்கு முன்னும் பின்னும் அச்சிட்டால் உறுதியாகிவிடும். நகர்ந்து நின்றுவிட்டால் இருபது படச் சோதனை. அதில் தோற்றால் ஆரம்ப எடைகள், கற்றல் வேகம், இரட்டைப் பங்கீடு. தேறினால் படமும் விடையும் சோடி சேர்ந்திருக்கின்றனவா, தேர்வுப் படங்களும் பயிற்சிப் படங்களும் ஒரே முறையில் அளவு மாற்றப்பட்டனவா என்று பாருங்கள். பயிற்சியில் 255ஆல் வகுத்துவிட்டுத் தேர்வில் மறந்துபோவது எல்லோருக்கும் ஒருமுறையாவது நேர்வதுதான்.

இத்தனையும் சரியாக இருந்தும் நகரவில்லை என்றால், கேள்விக்கான விடை தரவுக்குள் இல்லாமலே இருக்கலாம். நாணயத்தின் படத்தைக் காட்டி அடுத்த சுண்டலில் பூவா தலையா என்று கேட்டால் எந்த வலையாலும் சொல்ல முடியாது. அந்தச் சந்தேகம் வரும்போது நடு அடுக்கே இல்லாத எளிய மாடலை ஓட்டிப் பாருங்கள். எம்நிஸ்டில் அது சுமார் 92 வாங்கும். எளியது 92 வாங்கும் இடத்தில் பெரியது 10 வாங்கினால் தரவின்மேல் குற்றமில்லை.

எம்நிஸ்ட் தேர்வுத் தொகுப்பில் எந்த இரண்டு இலக்கங்களின் எண்ணிக்கையும் ஒன்றாக இல்லை என்பது ஒரு நல்வாய்ப்பு. ‘7’ 1,028 முறை, ‘9’ 1,009 முறை, ‘5’ 892 முறை. அதனால் யாராவது தொலைபேசியில் அழைத்து, ‘எவ்வளவு ஓட்டியும் 8.92லேயே நிற்கிறது’ என்று சொன்னால், நிரலைப் பார்க்காமலே அந்த மாடல் எல்லாப் படத்துக்கும் ‘5’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறது என்று சொல்லிவிடலாம். ஆனால் பயிற்சித் தொகுப்பில் மிகக் குறைவாக வருவது ‘5’. கண்ணைக் கட்டிக் கற்ற மாடல் அதைத் தேர்ந்தெடுக்காது. ஆகவே அவர் அடுத்துப் பார்க்க வேண்டியது விகிதத்தை அல்ல, கற்றல் வேகத்தை.